டிக்டேஷனில் 10-க்கு 5: பிழை எத்தனை என்பதைவிட, என்ன பிழை என்பதே முக்கியம்!

மூன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் தமிழ் 'சொல்வதை எழுதுதல்' தேர்வில் 10-க்கு 5. இருவரின் நோட்டிலும் ஐந்து சிவப்புச் சுழிகள், அடியில் 'தவறிய சொற்களை 10 முறை எழுதி வரவும்' என்று ஒரு வரி. வீட்டிலும் அதே பேச்சுதான்: "ஏன் இவ்ளோ ஸ்பெல்லிங் மிஸ்டேக்?"

ஆனால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஐந்தும் இந்த ஐந்தும் ஒன்றல்ல என்பது தெரியும். ஒரு பிள்ளை காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. இன்னொரு பிள்ளைக்குக் கேட்டதைப் பிரித்து எழுதத் தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. இந்த வித்தியாசத்தை 10-க்கு 5 என்ற எண் மறைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அது சொல்லும். எந்த வகைப் பிழையில் சிக்கியிருக்கிறது என்று தெரிய, டிக்டேஷனையே கொஞ்சம் மாற்றி அமைக்க வேண்டும். அதற்குத் தேவை பத்தே சொற்கள், ஒரு பென்சில், நான்கு கட்டங்கள்.

தமிழில் பிழை எங்கிருந்து வருகிறது?

ஆங்கிலத்தைப் போல 'எழுத்து ஒன்று, ஒலி வேறு' என்ற சிக்கல் தமிழில் குறைவு. அதனால் தமிழ்ப் பிள்ளைகளின் பிழைகள் சிதறிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் நான்கு கூடைகளில் அடங்கிவிடும்.

முதல் கூடை, குறில்-நெடில். 'கோழி' என்பது 'கொழி' ஆகும், 'பூனை' என்பது 'புனை' ஆகும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, கால் உண்டா இல்லையா என்ற குழப்பம் இது.

இரண்டாவது, ஒலி நெருங்கிய எழுத்துகள். ல-ள-ழ, ர-ற, ன-ண-ந. பிள்ளைகள் 'சின்ன ர, பெரிய ற', 'ரெண்டு சுழி ன, மூணு சுழி ண' என்று பெயர் வைத்துப் படிப்பது இதற்காகத்தான். எழுத்தில் வித்தியாசம் இருந்தாலும், இன்றைய பேச்சில் பல இடங்களில் ஒலி வித்தியாசம் கரைந்துவிட்டது.

மூன்றாவது, ஒற்று. 'பட்டம்' என்பது 'படம்' ஆகிவிடும், 'உடம்பு' என்பது 'உடபு' ஆகிவிடும். இரட்டிக்கும் மெய்யோ, வல்லினத்துக்கு முன் வரும் மெல்லின மெய்யோ காணாமல் போகும்.

நான்காவது, பேச்சு வடிவம். 'இலை' என்பது 'எல', 'உடம்பு' என்பது 'ஒடம்பு', 'கிணறு' என்பது 'கெணறு' என்று வரும். பிள்ளை ஏனோதானோவென்று எழுதியதல்ல இது. சொல்லின் முதலில் இ அல்லது உ வந்து, அடுத்த எழுத்தில் அ அல்லது ஐ இருந்தால், பேச்சில் அது எ, ஒ என்று மாறும். அதனால்தான் 'குடை' என்பது 'கொட' ஆகிறது. அடுத்த எழுத்தில் இ இருப்பதால் 'கிளி' அப்படியே கிளியாகவே இருக்கிறது. சொல்லின் கடைசியில் வரும் ஐ பேச்சில் அ ஆகிவிடுவதும் இதே கூடையில் சேரும்.

பத்துச் சொல், இருபது இடம்

வழக்கமான டிக்டேஷனில் பாடத்தின் பின்னால் இருக்கும் 'புதிய சொற்கள்' பட்டியல் அப்படியே வாசிக்கப்படும். அதில் ஒரு வாரம் ஆறு சொற்களில் ஒற்று இருக்கும், அடுத்த வாரம் ஒன்றுகூட இருக்காது. பிள்ளை முன்னேறியதா, பட்டியல் எளிதாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத் தீர்வு, பிழை நேரக்கூடிய இடங்களை முன்கூட்டியே எண்ணி வைப்பது. ஒரு சொல்லுக்கு இரண்டு சோதனை இடங்கள் என்று வைத்தால், பத்துச் சொல்லில் இருபது இடங்கள். நான்கு கூடைக்கும் தலா ஐந்து. மூன்றாம் வகுப்புக்கான ஒரு மாதிரிப் பட்டியல் இதோ:

1. பள்ளி: ள (ஒலி), ள் இரட்டிப்பு (ஒற்று)
2. கோழி: கோ (குறில்-நெடில்), ழி (ஒலி)
3. தேங்காய்: தே (குறில்-நெடில்), ங் (ஒற்று)
4. இலை: இ (பேச்சு), லை (பேச்சு)
5. உடம்பு: உ (பேச்சு), ம் (ஒற்று)
6. கிணறு: கி (பேச்சு), று (ஒலி)
7. தொப்பி: தொ (குறில்-நெடில்), ப் (ஒற்று)
8. நிலா: லா நெடில் (குறில்-நெடில்), ல (ஒலி)
9. பூனை: பூ (குறில்-நெடில்), னை (பேச்சு)
10. வண்டி: ண (ஒலி), ண் இருக்கிறதா (ஒற்று)

எல்லாமே பிள்ளைக்கு அர்த்தம் தெரிந்த சொற்கள் என்பதைக் கவனிக்கவும். தெரியாத சொல்லைக் கொடுத்தால், அது எழுத்துத் தேர்வாக இல்லாமல் சொல்வளத் தேர்வாகிவிடும்.

சில சொற்களைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. கறுப்பு-கருப்பு, பவளம்-பவழம் போன்றவை இரண்டு விதமாகவும் வழக்கில் இருக்கின்றன. அதில் ஒன்றைத் தப்பு என்று சுழித்தால், வீட்டில் அப்பா வேறு புத்தகத்தைக் காட்டிச் சண்டைக்கு வருவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கும். அதேபோல 'கிளியைப் பார்த்தேன்' மாதிரி, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வல்லினம் மிகும் இடங்களுக்கு இந்த வயதில் மதிப்பெண் குறைக்க வேண்டாம். பெரியவர்களே தடுமாறும் இடம் அது.

வாசிப்பதில்தான் பாதித் தேர்வு

பட்டியல் சரியாக இருந்தாலும், வாசிக்கும் விதத்தில் எல்லாம் கெட்டுப்போகலாம். பிள்ளைகளுக்கு உதவுவதாக நினைத்து "தொப்... பி" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால், ஒற்று எங்கே இருக்கிறது என்ற விடையையே சொல்லிவிட்டதாக ஆகும். ஒற்றுக் கூடையில் எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து வரும். அடுத்த நாள் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னால் அதே பிள்ளைகள் 'தொபி' என்று எழுதுவார்கள். "பெரிய ற போட்டு எழுது" என்பதும் இதே கதைதான்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. வாசிப்பவரின் ஊர்ப் பேச்சில் ழ இல்லாமல் இருக்கலாம். தென்மாவட்டங்களில் 'வாளப்பளம்' என்றும், சென்னைப் பக்கம் 'வாயப்பயம்' என்றும் காதில் விழுவது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆசிரியர் 'கோளி' என்று சொல்லி, பிள்ளை 'கோளி' என்று எழுதினால், பிள்ளை நன்றாகக் காது கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் ஒவ்வொரு சொல்லையும் மூன்று படியாகச் சொல்வது நல்லது. முதலில் சொல். பிறகு அந்தச் சொல் வரும் ஒரு சின்ன வாக்கியம். கடைசியில் மறுபடியும் சொல். உதாரணமாக: "பள்ளி. நாங்கள் காலையில் பள்ளிக்குப் போகிறோம். பள்ளி." இந்த வாக்கியம் இல்லாவிட்டால், 'பல்லி' என்று எழுதிய பிள்ளை சுவரில் ஓடும் பல்லியைத்தான் நினைத்தது என்று சொன்னால் மறுக்க முடியாது. பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கும் இயல்பான குரல் போதும். மூன்றாம் வகுப்புக்குச் சொல்லுக்குச் சொல் 15 விநாடி இடைவெளி விட்டுப் பார்த்து, மெதுவாக எழுதும் பிள்ளையின் பென்சில் நின்ற பிறகு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

திருத்துவது எப்படி?

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்: கு (குறில்-நெடில்), ஒலி, ஒற்று, பேச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் முழு மதிப்பு 5. அந்தக் கூடையைச் சேர்ந்த இடத்தில் பிழை வந்தால் மட்டும் ஒன்று குறைக்க வேண்டும். ஒரே சொல்லில் இரண்டு கூடைப் பிழைகள் வந்தால் இரண்டு கட்டத்திலும் குறையும். 'கிணறு' என்பதை 'கெணரு' என்று எழுதினால் பேச்சில் ஒன்று, ஒலியில் ஒன்று போகும்.

இன்னும் மூன்று சின்ன விதிகள் இருக்கின்றன. இவை இல்லாவிட்டால் இரண்டு ஆசிரியர்கள் ஒரே தாளை இரண்டு விதமாகத் திருத்துவார்கள்.

ஒன்று, சோதனை இடம் அல்லாத எழுத்தில் வந்த பிழை. 'தேங்காய்' என்பதை 'தேங்கா' என்று எழுதினால் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், மதிப்பெண் குறைக்கக் கூடாது. எண்ணி வைத்த இடங்களை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் இந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஒப்பிட முடியும்.

இரண்டு, எழுத்தே இல்லாதபோது. 'வண்டி' என்பதை 'வடி' என்று எழுதினால் அது ஒற்றுப் பிழை. அங்கே மூணு சுழியா ரெண்டு சுழியா என்று பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்பதைப் பார்க்கவே வாய்ப்பு இல்லை. ஆகவே ஒலிக் கட்டத்தில் குறைக்காமல் ஒரு கோடு போட்டு, அந்தக் கட்டத்தை 4-க்குக் கணக்கிட வேண்டும். 'வன்டி' என்று எழுதினால் ஒற்று இருக்கிறது, எழுத்து மாறியிருக்கிறது. அது ஒலிப் பிழை மட்டும்.

மூன்று, புள்ளி விட்டுப்போவது. 'வணடி' என்று எழுதியிருந்தால், தேர்வு முடிந்ததும் அந்தச் சொல்லைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்ல வேண்டும். "வண்டி" என்று வாசித்துவிட்டு, 'அய்யோ, புள்ளி வைக்கல' என்று தானே பென்சிலை எடுத்தால் அது அவசரம். ஓரத்தில் குறித்தால் போதும். 'வணடி' என்றே வாசித்தாலோ, வாசிக்கத் திணறினாலோ அது ஒற்றுப் பிழை.

இரண்டு தாள்கள், இரண்டு கதைகள்

இப்போது அந்த 10-க்கு 5 பிள்ளைகளுக்கு வருவோம். மேலே உள்ள பட்டியலுக்கு முதல் பிள்ளை இப்படி எழுதியதாக வைத்துக்கொள்ளலாம்: பல்லி, கோளி, தேங்காய், எல, ஒடம்பு, கெணரு, தொப்பி, நிலா, பூனை, வண்டி.

சரியான சொற்கள் ஐந்து. கட்டங்களில் பார்த்தால் குறில்-நெடில் 5, ஒற்று 5. ஒலி 2, ஏனென்றால் ள, ழ, ற மூன்றும் போயின. பேச்சு 1, ஏனென்றால் 'எல'-வில் இரண்டும், 'ஒடம்பு', 'கெணரு' இரண்டில் தலா ஒன்றும் போயின. மொத்தம் 20-க்கு 13.

இரண்டாவது பிள்ளை எழுதியது: பளி, கொழி, தெகாய், இலை, உடபு, கிணறு, தொபி, நிலா, பூனை, வண்டி.

இங்கும் சரியான சொற்கள் ஐந்து. ஆனால் ஒலி 5, பேச்சு 5. குறில்-நெடில் 3, ஏனென்றால் 'கோ', 'தே' இரண்டும் குறிலாகிவிட்டன. ஒற்று வெறும் 1. பள்ளி, தேங்காய், உடம்பு, தொப்பி நான்கிலும் ஒற்று இல்லை. மொத்தம் 20-க்கு 14.

மொத்தத்தில் ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம். கட்டங்களிலோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். முதல் பிள்ளைக்குக் காது கூர்மை. சொல்லில் எத்தனை ஒலி, எது நீளம், எது குட்டை, எங்கே அழுத்தம் எல்லாம் தெரியும். தெரியாதது, எழுத்துத் தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன உருவம் என்பது. அது காதால் வராது, கண்ணால்தான் வரும். இந்தப் பிள்ளைக்குத் தேவை நிறைய வாசிப்பு. அதோடு "பேசும்போது எல, எழுதும்போது இலை" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது. வீட்டில் பேசுவதையே தப்பு என்று சொல்லத் தேவையில்லை.

ஒலிக் கூடையிலும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழ்ச் சொல்லின் முதலில் ன, ண வராது, ந மட்டுமே வரும். ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். வண்டி, பந்து, கன்று என்று மூன்று சொல்லைச் சுவரில் ஒட்டினால் பாதிக் குழப்பம் தீரும். ழ, ற ஆகியவற்றுக்கு இப்படி எளிய விதி இல்லை. அவற்றைச் சொல் சொல்லாகத்தான் பழக வேண்டும்.

இரண்டாவது பிள்ளைக்கு உருவங்கள் நன்றாகவே தெரியும். 'கிணறு' என்று மூணு சுழியும் பெரிய ற-வும் பிசகாமல் எழுதியிருக்கிறது. தெரியாதது ஒலியின் நீளத்தை அளப்பது. இங்கே பழைய இலக்கணமே கைகொடுக்கும். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். பிள்ளை சொல்லைச் சொல்லிக்கொண்டே குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து ஒரு தட்டு, ஒற்றுக்கு விரலை மடக்குவது என்று விளையாட்டாகச் செய்யலாம். படம்-பட்டம், பல்-பால், கொடு-கோடு என்று இணைகளாகக் கொடுத்தால் அர்த்தம் மாறுவதும் புரியும்.

இந்தப் பிள்ளைக்கு 'தொப்பி' என்று 10 முறை எழுதும் வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் வரியைப் பார்த்து ஒன்பது வரி காப்பி அடிக்கும். காதுக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த வாரம் 'ரொட்டி' என்று சொன்னால் 'ரொடி' என்றுதான் எழுதும்.

எண்களை எவ்வளவு நம்பலாம்?

ஒரு கூடைக்கு ஐந்தே இடங்கள் என்பதால், ஒரு கைப்பிசகு நடந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே ஒரே தேர்வை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு வாரம் கழித்து அதே சட்டகத்தில் வேறு சொற்களைக் கொடுக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலுக்கு இணையான இரண்டாவது பட்டியல்: வெள்ளி, தோழி, மாங்காய், விலை, கிழங்கு, உறவு, ரொட்டி, பலா, பானை, நண்டு. அதே வரிசையில் அதே கூடைகள். இரண்டு முறையும் ஒரு கட்டத்தில் 2 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்தக் கூடையில் வேலை தொடங்கலாம்.

பயிற்சி தொடங்கிய பிறகு ஒரு விசித்திரம் நடக்கும். ழ கற்ற பிள்ளை 'கிளி'யைக்கூட 'கிழி' என்று எழுதும். 'ஒடம்பு தப்பு' என்று கற்ற பிள்ளை 'தொப்பி'யைத் 'துப்பி' ஆக்கும். மதிப்பெண் இறங்கியதைப் பார்த்துப் பதற வேண்டாம். புதிய விதியைத் தேவையில்லாத இடத்திலும் போட்டுப் பார்க்கிறது என்று அர்த்தம். இதை 'மிகை' என்று ஓரத்தில் தனியாகக் குறித்துவைத்தால், பழைய பிழை திரும்பியதா புதிய கற்றல் நடக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

வீட்டு மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தியில் எ-ஏ, ஒ-ஓ என்று குறில்-நெடில் வேறுபாடு கிடையாது. ஆனால் அ-ஆ, இ-ஈ, உ-ஊ உண்டு. அதனால் வடமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை தமிழ்வழிப் பள்ளியில் இந்தத் தேர்வை எழுதினால், கோ, தே, தொ மூன்றில் தடுமாறி, லா, பூ இரண்டையும் சரியாக எழுதக்கூடும். கட்டத்தில் 5-க்கு 2 என்று வரும். அந்தப் பிள்ளைக்கு நெடில் என்றால் என்னவென்று முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கொம்பு எழுத்துகளில் மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும்.

இந்தத் தேர்வால் சொல்ல முடியாததும் உண்டு. இது கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனை அல்ல. நான்கு கட்டமும் ஒரு பருவம் முழுக்கத் தாழ்ந்தே இருந்து, பயிற்சிக்குப் பிறகும் நகராமல், வாசிப்பிலும் அதே திணறல் தெரிந்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுவது நல்லது. அப்போது நான்கு கட்டங்களோடு உள்ள பழைய தாள்களையும் எடுத்துப் போனால், 'தமிழ்ல வீக்' என்ற ஒற்றை வரியைவிட அவருக்கு அதிகம் பயன்படும்.

ரிப்போர்ட் கார்டுக்கு ஓர் எண் வேண்டுமென்றால் 20-க்கு என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் நோட்டில் பெற்றோர் பார்க்கும்படி நான்கு கட்டமும் இருக்கட்டும். 'ஒற்று 1, மற்றதெல்லாம் ஓகே' என்று தெரிந்தால், இன்று இரவு வீட்டில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.